15 குடியரசுத் தலைவர்கள், 47 அமெரிக்க அதிபர்கள்: தண்டு-இலை வரைபடத்தில் இடைநிலை அளவும் முகடும்

தண்டு-இலை வரைபடத்தைப் பள்ளியில் ஒரே வகுப்பில் முடித்துவிடுவார்கள். பத்தின் இலக்கம் தண்டு, ஒன்றின் இலக்கம் இலை, நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான் என்று தோன்றும். வரைவதில் பெரிய சிரமம் இல்லை என்பது உண்மை. தரவுத் தாளிலிருந்து எண்களை மாற்றி எழுதும்போதும், இலைகளை வரிசைப்படுத்தும்போதும், பிறகு எண்ணிப் படிக்கும்போதும்தான் விடை தவறிப்போகிறது. இந்த மூன்றையும் உண்மையான எண்களை வைத்தே பார்க்கலாம்.

முதல் தரவு சிறியது: இந்தியக் குடியரசுத் தலைவர்கள் பதவியேற்ற நாளில் அவர்களுக்கு இருந்த வயது. ராஜேந்திர பிரசாத் முதல் திரௌபதி முர்மு வரை 15 பேர். இடைக்காலத்தில் பொறுப்பு வகித்தவர்களைச் சேர்க்கவில்லை. இரண்டு முறை பதவியேற்றவருக்கு முதல் முறை மட்டுமே கணக்கு. இதையெல்லாம் தாளின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். வி. வி. கிரி 1969 மே மாதம் தற்காலிகப் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு 74 வயது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று முழுப் பொறுப்பேற்றபோது 75. எந்த நாளை எடுக்கிறோம் என்று முதலில் முடிவு செய்யாவிட்டால் எந்த இலையை எழுதுவது என்றே தெரியாது.

பதவியேற்ற வரிசையில் வயதுகள் இவை:

```
65  73  70  75  69
64  66  76  73  76
70  72  76  71  64
```

ஒரு எச்சரிக்கை. வயதைக் கணக்கிடும்போது பதவியேற்ற ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்துவிட்டு நிறுத்துவது வழக்கம். ராஜேந்திர பிரசாத் பிறந்தது 1884 டிசம்பர் 3, பதவியேற்றது 1950 ஜனவரி 26. வெறும் கழித்தல் 66 என்று சொல்லும், ஆனால் அந்த நாளில் அவர் முடித்திருந்தது 65 வயதுதான். இந்த 15 பேரில் 9 பேருக்கு, பிறந்தநாள் வருவதற்கு முன்பே பதவியேற்பு நடந்துவிட்டது. ஆண்டை மட்டும் கழித்தால் அந்த 9 எண்களும் ஒன்று கூடிவிடும். இடைநிலை அளவு 71க்குப் பதில் 72 என்றும், முகடு 76க்குப் பதில் 77 என்றும் வரும். அதற்குப் பிறகு வரைபடத்தை எவ்வளவு கவனமாகப் போட்டாலும் பயன் இல்லை.

இப்போது வரைபடத்துக்கு வருவோம். மிகச் சிறிய எண் 64, மிகப் பெரியது 76. ஆகவே தண்டுகள் 6, 7 என்று இரண்டே. கோட்டின் இடப்பக்கம் இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு, தரவுத் தாளில் இருக்கும் வரிசையிலேயே ஒவ்வொரு எண்ணாக எடுத்து அதன் ஒன்றின் இலக்கத்தை அதற்குரிய தண்டின் எதிரே எழுத வேண்டும். எழுதியவுடன் தாளில் அந்த எண்ணின் மேல் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று.

```
6 | 5 9 4 6 4
7 | 3 0 5 6 3 6 0 2 6 1
```

இது கரட்டு வடிவம். இதிலேயே ஏறுவரிசையில் எழுதிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அப்படிச் செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு இலைக்கும் தாள் முழுவதையும் துழாவி, அடுத்த சிறிய எண் எது என்று தேட வேண்டும். அந்தத் தேடலில்தான் ஒரு எண் விட்டுப்போகும், அல்லது இரண்டு முறை வந்துவிடும். தாளின் வரிசையிலேயே போனால் ஒவ்வொரு எண்ணையும் ஒரு முறைதான் தொடுகிறோம். தேர்வில் நேரம் இல்லை என்று கரட்டு வடிவத்தைத் தவிர்ப்பவர்கள், விட்டுப்போன ஒரு எண்ணைத் தேடுவதிலேயே அதைவிட அதிக நேரத்தைச் செலவழிக்கிறார்கள்.

வரிசைப்படுத்துவதற்கு முன் இலைகளை எண்ணிவிடுங்கள். மேல் வரியில் 5, கீழ் வரியில் 10, மொத்தம் 15. தாளிலும் 15 எண்கள்தான். இது ஒத்துப்போகாவிட்டால் மேற்கொண்டு போகவே கூடாது. பிறகு வரிசைப்படுத்தினால்:

```
6 | 4 4 5 6 9
7 | 0 0 1 2 3 3 5 6 6 6

குறிப்பு: 6 | 4 என்றால் 64 வயது
```

குறிப்பு வரி அலங்காரத்துக்காக எழுதுவது அல்ல. அது இல்லாவிட்டால் இதே படத்தை 6.4 லிட்டர் என்றோ 640 ரூபாய் என்றோ படிக்கலாம். மதிப்பெண் கொடுப்பவர் முதலில் தேடுவதும் இந்த வரியைத்தான்.

இலைகளுக்கு நடுவே காற்புள்ளி வேண்டாம், ஆனால் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். வரியின் நீளத்தைப் பார்த்தே எந்தத் தண்டில் எத்தனை எண்கள் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் இந்தப் படத்தின் நோக்கம். ஒரு வரியில் நெருக்கியும் இன்னொரு வரியில் தள்ளியும் எழுதினால் அது கெட்டுவிடும். கட்டம் போட்ட தாளில் கட்டத்துக்கு ஒரு இலை என்று எழுதுவது நல்லது. கணினியில் தட்டும்போது எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் உள்ள எழுத்துருவைத்தான் பயன்படுத்த வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரண எழுத்தில் அனுப்பினால் 1 என்பது மற்ற இலக்கங்களைவிடக் குறுகி, பத்து இலை உள்ள வரி ஒன்பது இலை வரியைவிடச் சிறியதாகத் தெரியக்கூடும்.

இனி இடைநிலை அளவு. மொத்தம் n எண்கள் இருந்தால் (n + 1) / 2 என்பது நடு இடத்தைச் சொல்லும். இங்கே (15 + 1) / 2 = 8. இந்த 8 ஒரு இடத்தின் எண் மட்டுமே, விடை அல்ல. வரிசைப்படுத்திய படத்தில் மேல் வரியின் இடது முனையிலிருந்து எண்ணத் தொடங்கினால் முதல் வரியோடு ஐந்து முடிகிறது. மிச்சம் மூன்று. இரண்டாம் வரியில் 0, 0, 1. மூன்றாவது இலை 1, அதன் தண்டு 7. ஆகவே இடைநிலை அளவு 71. அந்த இலை ராம்நாத் கோவிந்துக்கு உரியது.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. கீழ் வரியின் வலது முனையிலிருந்து பின்னோக்கி எட்டு எண்ணுங்கள்: 6, 6, 6, 5, 3, 3, 2, 1. அதே இலையில் வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் n தவறு, அல்லது எண்ணிக்கை தவறு. பத்து நொடி வேலை இது. இருந்தும் செய்பவர்கள் குறைவு.

இந்த இடத்தில் வரும் தவறுகள் எல்லாம் ஏற்கெனவே தெரிந்த முகங்கள். விடையாக 8 என்று எழுதுவது ஒன்று. இலையை மட்டும் பார்த்து 1 என்று எழுதுவது இன்னொன்று. யாரும் 1 வயதில் குடியரசுத் தலைவராகவில்லை என்று ஒரு கணம் யோசித்தாலே இது பிடிபடும். மூன்றாவது தவறுதான் ஆபத்தானது: வரிசைப்படுத்தாத கரட்டு வடிவத்திலேயே எட்டாவது இலையைப் பிடிப்பது. அங்கே முதல் வரியில் ஐந்து போக, இரண்டாம் வரியின் மூன்றாவது இலை 5. விடை 75 என்று வரும். பார்க்க நம்பும்படியாகவே இருப்பதால் சந்தேகம் எழாது. ஆனால் இந்தப் பதினைந்து பேரில் 75க்குக் கீழே 11 பேர் இருக்கிறார்கள், மேலே மூன்றே பேர். நடுவில் நிற்கும் எண்ணுக்கு இரு புறமும் ஏழேழு பேர் இருக்க வேண்டும்.

எண்ணிக்கை இரட்டைப்படையானால் என்ன ஆகும் என்பதையும் இதே தரவில் பார்க்கலாம். 2022 ஜூலை 25க்கு முன்பு பட்டியலில் 14 பேர்தான். முர்முவின் 64ஐ எடுத்துவிட்டால்:

```
6 | 4 5 6 9
7 | 0 0 1 2 3 3 5 6 6 6
```

(14 + 1) / 2 = 7.5. ஏழாவது இலைக்கும் எட்டாவது இலைக்கும் நடுவே என்று பொருள். முதல் வரியில் நான்கு, ஆகவே ஏழாவது 71, எட்டாவது 72. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 71.5. இப்படி ஒரு வயதில் யாரும் பதவியேற்கவில்லை என்பது குறையில்லை. இடைநிலை அளவு தரவில் உள்ள எண்ணாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு: சராசரி எடுப்பது முழு எண்களுக்கு, இலைகளுக்கு அல்ல. இரண்டு இலைகளும் ஒரே தண்டில் இருந்தால் இலைகளை மட்டும் சராசரி எடுத்தாலும் தப்பித்துவிடலாம். ஏழாவது 69ஆகவும் எட்டாவது 70ஆகவும் இருந்தால் 9க்கும் 0க்கும் சராசரி 4.5 என்று வந்து, அதை எந்தத் தண்டில் ஒட்டுவது என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

முகட்டை எடுப்போம். ஒரே வரியில் அடுத்தடுத்து அதிக முறை வரும் இலை எது என்று பார்க்க வேண்டும். 7ஆம் தண்டில் 6 மூன்று முறை. ஆகவே முகடு 76. ஆர். வெங்கட்ராமன், கே. ஆர். நாராயணன், பிரணாப் முகர்ஜி மூவரும் 76 வயதில் பதவியேற்றவர்கள்.

மிக நீளமான வரிதான் முகடு என்று நினைத்து "7" என்றோ "70கள்" என்றோ எழுதுவது பரவலான பிழை. நீளமான வரி எந்தப் பத்தாண்டில் கூட்டம் அதிகம் என்று மட்டுமே சொல்கிறது. இன்னொரு பிழை, தண்டை மறந்துவிட்டுப் படம் முழுவதிலும் அதிகம் வரும் இலக்கத்தைத் தேடுவது. மேலே உள்ள படத்தில் 6 என்ற இலை நான்கு முறை இருக்கிறது. ஆனால் அவற்றில் ஒன்று 66, மற்ற மூன்றும் 76. வெவ்வேறு தண்டில் இருக்கும் 6கள் வெவ்வேறு எண்கள்.

முகட்டை மொத்தமாக அழிக்கும் தவறு ஒன்றும் உண்டு. வரிசைப்படுத்தும்போது, "6தான் ஏற்கெனவே எழுதிவிட்டோமே" என்று திரும்ப வரும் இலைகளை விட்டுவிடுவது. அப்படிச் செய்தால் இந்தப் படம் இப்படி ஆகும்:

```
6 | 4 5 6 9
7 | 0 1 2 3 5 6
```

பதினைந்து எண்கள் பத்தாகிவிட்டன. முகடு என்று எதுவுமே இல்லை, இடைநிலை அளவு 70.5 ஆகிவிட்டது. கரட்டு வடிவத்திலும் வரிசைப்படுத்திய வடிவத்திலும் வரிக்கு வரி இலைகளின் எண்ணிக்கை ஒன்றா என்று பார்ப்பது இதற்காகத்தான். மொத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு வரியில் விட்டது இன்னொரு வரியில் கூடியிருந்தால் மொத்தம் சரியாகவே இருக்கும்.

இரண்டே தண்டுகள் உள்ள படம் உருவத்தைப் பெரிதாகக் காட்டாது என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது ஒவ்வொரு தண்டையும் இரண்டாகப் பிரிக்கலாம். 0 முதல் 4 வரையிலான இலைகள் மேல் பாதிக்கு, 5 முதல் 9 வரை கீழ்ப் பாதிக்கு:

```
6 | 4 4
6 | 5 6 9
7 | 0 0 1 2 3 3
7 | 5 6 6 6
```

இடைநிலை அளவும் முகடும் மாறாது, மாறவும் கூடாது. ஆனால் 70களின் தொடக்கத்தில்தான் கூட்டம் என்பது இப்போது தெரிகிறது. இப்படிப் பிரிக்கும்போது ஒவ்வொரு பாதிக்கும் ஐந்து இலக்கங்கள் வர வேண்டும். 5ஐ மேல் பாதியில் போட்டுவிட்டால் மேலே ஆறு இலக்கங்கள், கீழே நான்கு என்று ஆகி, மேல் வரி காரணமின்றி நீளும்.

தரவு பெரிதாகும்போதுதான் இலைகளை வரிசைப்படுத்துவதும் எண்ணுவதும் உண்மையில் கைவேலையாகிறது. அதற்கு அமெரிக்க அதிபர்களை எடுக்கிறேன். ஜார்ஜ் வாஷிங்டன் முதல் டிரம்ப்பின் இரண்டாம் பதவிக்காலம் வரை 47 பதவிக்காலங்கள், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் முடிந்த வயது. கிளீவ்லாண்டும் டிரம்ப்பும் நடுவில் இடைவெளி விட்டு மீண்டும் வந்தவர்கள் என்பதால் இருவரும் இரண்டு முறை இடம்பெறுகிறார்கள். தண்டுகள் 4 முதல் 7 வரை. கரட்டு வடிவத்தில் 5ஆம் தண்டின் வரி மட்டும் இப்படி இருக்கும்:

```
5 | 7 7 7 8 7 4 1 0 2 6 4 1 5 5 4 1 6 5 1 4 1 5 6 2 4
```

25 இலைகள். இதைப் பார்த்துப் பார்த்து ஏறுவரிசையில் எழுத முயன்றால் ஒரு 4ஆவது தப்பும். இலக்கம் இலக்கமாகப் போவதுதான் சரியான வழி. முதலில் 0 எத்தனை? ஒன்று. அதை அடித்துவிட்டுக் கீழே ஒரு 0 எழுதுங்கள். அடுத்து 1 எத்தனை? ஐந்து. ஐந்தையும் அடித்துவிட்டு ஐந்து 1 எழுதுங்கள். 2 இரண்டு. 3 இல்லை. 4 ஐந்து. 5 நான்கு, 6 மூன்று, 7 நான்கு, 8 ஒன்று, 9 இல்லை. கூட்டினால் 25. வரியில் அடிபடாத இலக்கம் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. வரி எவ்வளவு நீளமானாலும் அதன்மேல் அதிகபட்சம் பத்து முறைதான் கண்ணை ஓட்ட வேண்டியிருக்கும்.

தண்டுகளை இரண்டாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, இடப்பக்கம் இன்னொரு நிரலும் சேர்த்த முழுப் படம்:

```
   2 | 4 | 2 3
   9 | 4 | 6 6 7 7 8 9 9
  22 | 5 | 0 1 1 1 1 1 2 2 4 4 4 4 4
(12) | 5 | 5 5 5 5 6 6 6 7 7 7 7 8
  13 | 6 | 0 1 1 1 2 4 4
   6 | 6 | 5 8 9
   3 | 7 | 0
   2 | 7 | 8 8

குறிப்பு: 4 | 2 என்றால் 42 வயது
```

இந்தப் படத்தைப் பரவலாக்கிய அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி இந்த இடப்பக்க நிரலை ஆழம் என்றார். மேலிருந்து வரும்போது அந்த வரி முடிய மொத்தம் எத்தனை இலைகள் என்பது மேல் பாதியில்: 2, பிறகு 2 + 7 = 9, பிறகு 9 + 13 = 22. கீழ்ப் பாதியில் அதையே கீழிருந்து மேலாகக் கூட்டுகிறோம்: 2, 3, 6, 13. நடு இடம் விழும் வரிக்கு மட்டும் கூட்டுத்தொகை கிடையாது. அந்த வரியில் எத்தனை இலைகள் என்பதை அடைப்புக்குறிக்குள் எழுதுகிறோம். 22 + 12 + 13 = 47 என்று சரிபார்ப்பும் அதிலேயே முடிந்துவிடுகிறது.

நடு இடம் (47 + 1) / 2 = 24. மேலே 22 வரை ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது. அடைப்புக்குறி வரியில் இரண்டாவது இலை 5. இடைநிலை அளவு 55. கீழிருந்து வந்தால் 24 - 13 = 11, அதே வரியில் வலது முனையிலிருந்து பதினோராவது. அதுவும் அதே இலைதான். நாற்பத்தேழு இலைகளை விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டிய தேவையே இல்லை.

முகட்டுக்கு வந்தால் கதை வேறு. 51 ஐந்து முறை, 54 ஐந்து முறை. இரண்டு முகடுகள். "எது பெரியதோ அதை எழுது" என்றோ, இரண்டின் சராசரியாக 52.5 என்றோ எழுதுவது தவறு. 52.5 வயதில் இங்கே ஒருவர்கூட இல்லை. முகடு என்பது அதிக முறை வரும் எண் என்பதால் அதைச் சராசரி எடுக்க இடமே கிடையாது. 51, 54 என்று இரண்டையும் எழுத வேண்டும்.

இந்த இரட்டை முகடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று பாருங்கள். 51 வயது ஐவரில் ஒருவர் செஸ்டர் ஆர்தர். அவர் பிறந்தது 1829 அக்டோபர் 5, பதவிக்கு வந்தது 1881 செப்டம்பர். ஆனால் பல பழைய பட்டியல்களில் அவர் பிறந்த ஆண்டு 1830 என்று இருக்கும், வயது 50 என்று வரும். அப்படி ஒரு பட்டியலிலிருந்து தரவுத் தாளை நிரப்பினால், ஐந்து 1களில் ஒன்று 0 ஆகிவிடும். 51 நான்காகக் குறைந்து, 54 மட்டுமே முகடாக நிற்கும். இடைநிலை அளவோ அசையாது, ஏனென்றால் 51 ஆனாலும் 50 ஆனாலும் அது 55க்குக் கீழேதான் இருக்கிறது. கிளீவ்லாண்டையும் டிரம்ப்பையும் ஒரு முறை மட்டும் கணக்கில் எடுத்து 45 ஆட்கள் என்று போட்டாலும் நடு இடம் 23 ஆகி, இலை அதே 55தான். ஒரு எண்ணின் ஒரே இலக்கம் மாறினாலே முகடு மாறக்கூடும் என்பதால், முகட்டை எழுதும் முன் அதை உண்டாக்கிய இலைகளை மட்டும் தரவுத் தாளில் திரும்பத் தேடிச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். 47 எண்களையும் மறுபடி பார்க்க வேண்டாம், பத்து எண்கள் போதும்.

இங்கே தண்டுகளை ஐந்தாகவும் பிரிக்கலாம்: 0-1, 2-3, 4-5, 6-7, 8-9. அப்படிப் பிரித்தால் 70க்கும் 78க்கும் நடுவே மூன்று வரிகள் வெறுமையாக வரும். அவற்றை விட்டுவிடாமல் தண்டை எழுதி, எதிரே வெறுமையாக வைக்க வேண்டும். அங்கே 0 எழுதினால் அது 70 என்ற இன்னொரு எண்ணாகிவிடும். வரியையே நீக்கினால் 78 வயதில் வந்த இரண்டு பதவிக்காலங்களும் மற்றவற்றோடு ஒட்டியிருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அவை தள்ளித்தான் நிற்கின்றன. இந்தத் தரவுக்கு இரண்டாகப் பிரித்தாலே போதும் என்பது என் கருத்து. ஐந்தாகப் பிரித்தால் வரிகள் இருபதை நெருங்கும், உருவம் சிதறும்.

கணினி போட்டுக் கொடுக்கும் படத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. R மொழியில் `stem()` என்று ஒரு கட்டளை இருக்கிறது. வரிசைப்படுத்தும் வேலை நமக்கு இல்லை. ஆனால் தண்டுகளை எப்படி வெட்டுவது என்பதை அதுவே தீர்மானித்துக்கொள்கிறது. அதோடு வரும் `rivers` என்ற தரவில் வட அமெரிக்காவின் 141 ஆறுகளின் நீளம் மைலில் இருக்கிறது. `stem(rivers)` என்று தட்டினால் முதல் வரிகள் இப்படி வரும்:

```
  The decimal point is 2 digit(s) to the right of the |

   0 | 4
   2 | 011223334555566667778888899900001111223333344455555666688888999
   4 | 111222333445566779001233344567
```

தண்டுகள் 0, 2, 4 என்று இரண்டிரண்டாகத் தாவுகின்றன. 2 என்ற வரியில் 200களும் 300களும் சேர்ந்தே இருக்கின்றன. இலைகளைக் கூர்ந்து பார்த்தால் தெரியும்: 0 முதல் 9 வரை ஏறி, மறுபடி 0000 என்று தொடங்குகிறது. இலைகள் ஒரு வரியில் ஏறிக்கொண்டே போய் திடீரென இறங்கினால், வரிசைப்படுத்தியதில் பிழை, அல்லது ஒரு வரியில் இரண்டு தண்டுகள் இருக்கின்றன. இங்கே இரண்டாவது. முதல் வரியின் 0 | 4ஐ 40 மைல் என்று படிக்கக் கூடாது. 0 வரியில் 0களும் 100களும் சேர்ந்திருக்கின்றன. அந்த ஆற்றின் நீளம் 135 மைல். பத்துக்கு முழுமையாக்கி 140 ஆக்கி, அதன் 4ஐ மட்டும் இலையாகப் போட்டிருக்கிறது.

இருந்தாலும் இடைநிலை அளவை இதிலிருந்து எண்ணி எடுக்க முடியும். 141க்கு நடு இடம் 71. முதல் வரியில் 1 இலை, இரண்டாம் வரியில் 63, ஆக 64. மூன்றாம் வரியில் ஏழாவது இலை 3, அது 400களின் பகுதியில் இருக்கிறது. ஆகவே சுமார் 430. `median(rivers)` என்று நேரடியாகக் கேட்டால் 425 என்று வரும். வித்தியாசம் முழுமையாக்கியதால் வந்தது: 425 பத்துக்கு முழுமையாகி 430 ஆகிவிட்டது. இலை சரிதான், இலையில் கடைசி இலக்கம்தான் இல்லை.

முகட்டை இந்தப் படத்திலிருந்து எடுக்கவே கூடாது. 2ஆம் வரியின் முதல் பாதியில் 88888 என்று ஐந்து 8கள் அடுத்தடுத்து நிற்கின்றன. பார்த்தவுடன் 280 மைல் ஆறுகள் ஐந்து என்று சொல்லத் தோன்றும். முழுமையாக்குவதற்கு முன் அவை 275 முதல் 284 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம். ஐந்து ஒரே எண்ணாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உண்மையான முகடு வேண்டுமென்றால் முழுமையாக்காத எண்களிடம்தான் போக வேண்டும்:

```
sort(table(rivers), decreasing = TRUE)[1:5]
```

ஒவ்வொரு நீளமும் எத்தனை முறை வந்திருக்கிறது என்பதை இது இறங்குவரிசையில் காட்டும். முதல் இடத்தில் இருப்பதற்கு அடுத்ததும் அதே எண்ணிக்கையில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.